வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கு நேர்காணல் அழைப்பு: இரு ஊர் நேரத்தையும் பிழையின்றி எழுதுவது எப்படி?

மொரிஷியஸில் ஓர் அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் விண்ணப்பதாரரை இணையவழி நேர்காணலுக்கு அழைக்கும் கடிதம், மாதிரி ஒன்றைப் பார்த்துப் பெயரையும் தேதியையும் மாற்றினால் முடிந்துவிடும் வேலையாகத் தோன்றும். அந்தக் கடிதத்தில் நேரத்தைச் சொல்லும் இரண்டு வரிகள் மட்டும் அப்படி முடிவதில்லை. ஒன்று நம் அலுவலக நேரம், மற்றொன்று விண்ணப்பதாரரின் ஊர் நேரம். இரண்டும் ஒரே கணத்தைக் குறிக்க வேண்டும். அந்த இரு வரிகளைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது 2025ஆம் ஆண்டில் நான் செய்த ஒரு பிழை. எபேனில் நான் அப்போது வேலை பார்த்த அலுவலகம் கணக்குப் பிரிவு மேலாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தது. தெரிவானவர்களில் ஒருவர் டொரன்டோவில் இருந்தார். நேர்காணலை நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை, மொரிஷியஸ் நேரம் மாலை 5 மணிக்கு வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அக்டோபர் 22, புதன்கிழமை கடிதம் எழுத உட்கார்ந்தேன். டொரன்டோவில் இப்போது மணி என்ன என்று கைப்பேசியில் பார்த்தேன்; நம்மைவிட 8 மணி நேரம் பின்னால் இருந்தது. 5 மணியிலிருந்து 8 மணி நேரத்தைக் கழித்து, ‘டொரன்டோ நேரம் காலை 9 மணி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

கணக்கு அன்றைக்குச் சரிதான். நேர்காணல் நாளுக்குத்தான் தவறு. கனடாவின் பெரும்பகுதியில் நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, அதாவது அந்த ஆண்டில் நவம்பர் 2 அன்று, கோடைக்கால நேரம் முடிந்து கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குப் பிறகு டொரன்டோவுக்கும் நமக்கும் இடைவெளி 9 மணி நேரம். நம் மாலை 5 மணி அங்கே காலை 8 மணி ஆகிவிட்டது. தேர்வுக் குழுவினர் 5 மணிக்கு அமர்ந்து, அரை மணி நேரம் காத்திருந்து, ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள். விண்ணப்பதாரர் தம் கடிதத்தில் இருந்தபடி சரியாகக் காலை 9 மணிக்கு இணைப்பைத் திறந்தபோது இங்கே மாலை 6 மணி, ஒருவரும் இல்லை. அவர் தொலைபேசியில் அழைத்து, “ஒன்பது மணி எண்டுதானே எழுதியிருந்தீங்கள்?” என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. அவர் மீது ஒரு பிழையும் இல்லை.

இந்தப் பிழை நம் நாட்டில் இருப்பவர்களுக்கு எளிதில் வருவதற்குக் காரணம் உண்டு. மொரிஷியஸ் ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்தைவிட 4 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இதைத்தான் UTC+4 என்று எழுதுகிறோம். 2008 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை ஒரு முறை கோடைக்கால நேரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு அதைத் தொடரவில்லை. பெரும்பாலும் நாம் கடிதம் எழுதும் சென்னையிலும் கடிகாரத்தை யாரும் மாற்றுவதில்லை. அது எப்போதும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். ஆகவே இரு ஊர்களுக்கு இடையேயான நேர இடைவெளி மாறாத ஓர் எண் என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிவிடுகிறது. லண்டனுக்கும் பாரிசுக்கும் டொரன்டோவுக்கும் சிட்னிக்கும் அந்த எண்ணம் பொருந்தாது.

முதலில் செய்ய வேண்டியது, விண்ணப்பதாரர் நேர்காணல் நாளன்று எந்த ஊரில் இருப்பார் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்குவது. விண்ணப்பத்தில் உள்ள முகவரியோ கைப்பேசி எண்ணின் நாட்டுக் குறியீடோ அதற்குப் போதாது. ‘கனடா நேரம்’ என்று ஒன்று இல்லை. டொரன்டோவும் வான்கூவரும் வேறு வேறு நேரத்தில் இருக்கின்றன, ரெஜைனா போன்ற ஊர்களிலோ கடிகாரத்தை மாற்றும் வழக்கமே இல்லை. நமக்கு மிக அருகில் உள்ள எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். விண்ணப்பத்தில் ‘சேன் டெனி, பிரான்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அது ரீயூனியன் தீவின் தலைநகராக இருக்கலாம், பாரிசை ஒட்டிய சேன் டெனியாகவும் இருக்கலாம். ரீயூனியன் ஆண்டு முழுவதும் நம் நேரத்திலேயே இருக்கிறது. பாரிஸ் கோடையில் 2 மணி நேரமும் குளிர்காலத்தில் 3 மணி நேரமும் நமக்குப் பின்னால் இருக்கிறது. தொலைபேசிக் குறியீடு 262 என்றால் ரீயூனியன், 33 என்றால் பிரான்சின் பெருநிலம் என்று ஊகிக்கலாம். ஆனால் ரீயூனியன்காரர் ஒருவர் அந்த வாரம் பாரிசில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊகம் பொய்த்துவிடும். எனவே ஒரே ஒரு வரி கேட்டு எழுதுங்கள்: “நேர்காணல் நாளன்று தாங்கள் எந்த நகரத்தில் இருப்பீர்கள்?”

அடுத்து, இரு தரப்புக்கும் ஏற்ற வேளையைத் தேர்வது. டொரன்டோவில் குளிர்கால நேரம் நடக்கும்போது அங்கே காலை 8 மணி என்பது இங்கே மாலை 5 மணி. நம் அலுவலக வேலை முடியும் நேரத்தில்தான் அவர்களுடைய வேலை நாள் தொடங்குகிறது. இரண்டும் சேரும் இடம் மிகக் குறுகியது என்பதால், யாராவது ஒருவர் சற்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அழைப்பவர்கள் நாம் என்பதால் நாமே விட்டுக்கொடுப்பதுதான் முறை என்பது என் கருத்து. குழுவினர் ஒரு நாள் மாலை தாமதமாக வீடு திரும்பலாம். விண்ணப்பதாரரைக் காலை 6 மணிக்கு எழுப்பி உட்கார வைத்துவிட்டு அவர் சுறுசுறுப்பாகப் பேசவில்லை என்று குறை எழுதுவது நியாயமாகாது. பேருந்தில் வீடு திரும்பும் குழு உறுப்பினர் இருந்தால், மாலைக்குப் பிறகு பேருந்துகள் குறைந்துவிடும் என்பதையும் முன்கூட்டியே கவனித்து வண்டிக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.

நாளைக் குறிக்கும்போது இரு நாட்டு விடுமுறைகளையும் பாருங்கள். நவம்பர் 2 நமக்கு ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கியதை நினைவுகூரும் விடுமுறை நாள். அந்த ஆண்டில் அதே ஞாயிற்றுக்கிழமையில்தான் டொரன்டோவின் கடிகாரமும் மாறியது. நம் நாட்காட்டியில் சிவப்பாக அச்சாகியிருந்த நாளில் எனக்குத் தேவையான இன்னொரு செய்தியும் இருந்ததை நான் பார்க்கவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான ஊர்களில் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையும் மாறுகிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் மாறுகிறது. சிட்னியில் ஏப்ரல், அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில், அதுவும் வடக்கே நடப்பதற்கு எதிர்த்திசையில் மாறுகிறது. இந்தத் தேதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடிதம் எழுதும் நாளுக்கும் நேர்காணல் நாளுக்கும் நடுவே மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் ஆகிய மாதங்களின் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது வந்தால், அங்கே நின்று சரிபார்க்க வேண்டும் என்பதை மட்டும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. ‘அங்கே இப்போது மணி என்ன’ என்று பார்த்துக் கழிப்பதை விட்டுவிடுங்கள். நேர்காணல் நாளுக்கு உரிய நேரத்தை உலகப் பொது நேரத்தின் வழியாக இரண்டு அடியில் கணக்கிடுங்கள். மொரிஷியஸ் மாலை 5 மணி என்பது 17:00. அதிலிருந்து 4 மணி நேரத்தைக் கழித்தால் உலகப் பொது நேரம் 13:00. நவம்பர் 4 அன்று டொரன்டோ UTC−5. ஆகவே 13:00இலிருந்து 5ஐக் கழித்தால் காலை 08:00. குழுவில் சென்னையிலிருந்து ஒருவர் கலந்துகொண்டால், அதே 13:00உடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி மாலை 6.30 என்று எழுதலாம். மூன்று ஊர்கள் ஆனாலும் நடுவில் நிற்கும் எண் ஒன்றுதான் என்பதே இந்த முறையின் பலம். ஊருக்கு ஊர் நேரடியாகக் கழித்தால், டொரன்டோவும் லண்டனும் வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில் மாறுவதால் இடைப்படும் வாரங்களில் கட்டாயம் சிக்கிக்கொள்வீர்கள்.

கையால் போட்ட கணக்கைக் கணினியிலும் சரிபாருங்கள். நேரத்தை மாற்றித் தரும் இணையப் பக்கங்களில் நேர்காணல் தேதியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தேதி கேட்காத பக்கம் இந்த வேலைக்கு உதவாது. லினக்ஸ் கணினி இருந்தால் கீழுள்ள ஒரு வரி போதும். ஊர்ப் பெயரைக் கொண்டே அது கணக்கிடுவதால், அந்த நாளில் கோடைக்கால நேரம் உண்டா இல்லையா என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

```
TZ="America/Toronto" date -d 'TZ="Indian/Mauritius" 2025-11-04 17:00'
```

இதற்கு 08:00 என்று விடை வரும். தேதியை 2025-10-30 என்று மாற்றிப் பாருங்கள். 09:00 என்று வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் பிறகு இந்தப் பிழையைச் செய்ய மாட்டார்கள்.

நேரத்தை எப்படி எழுதுவது என்பது அடுத்த படி. கடிதத்தில் ஒவ்வொரு நேரமும் தன் கிழமை, தன் தேதி, ஊர்ப் பெயர், உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள இடைவெளி ஆகிய நான்கையும் உடன் கொண்டிருக்க வேண்டும். கிழமையையும் தேதியையும் இரு வரியிலும் தனித்தனியாக எழுதச் சொல்வது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் குழுவினர் ஒரு நாள் காலை 7 மணிக்குக் கூடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: நமக்குப் புதன்கிழமை காலை 7 மணி என்பது டொரன்டோவில் செவ்வாய்க்கிழமை இரவு 10 மணி. ‘புதன்’ என்று ஒரே ஒரு முறை எழுதிய கடிதம் விண்ணப்பதாரரை ஒரு நாள் முழுவதும் தாமதமாக வரச் செய்துவிடும்.

இடைவெளியை எழுதுவது எதற்கு என்றால், கடிதம் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வதற்கு. ‘மாலை 5 மணி, காலை 9 மணி’ என்று எழுதிய என் பழைய கடிதத்தில் பிழை இருப்பதை வெறும் கண்ணால் எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ‘17:00, UTC+4’ என்றும் ‘09:00, UTC−5’ என்றும் எழுதியிருந்தால் ஒன்று 13:00 என்றும் மற்றொன்று 14:00 என்றும் வருவதைக் கையெழுத்திட்ட மேலாளரோ விண்ணப்பதாரரோ கண்டிருக்கலாம்.

நேர மண்டலங்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஐ.எஸ்.டி. என்பது இந்திய நேரத்தையும் குறிக்கும், அயர்லாந்தின் கோடைக்கால நேரத்தையும் குறிக்கும், இஸ்ரேல் நேரத்தையும் குறிக்கும். டொரன்டோவில் உள்ள பலர் ஆண்டு முழுவதும் ஈ.எஸ்.டி. என்றே எழுதுவார்கள், ஆனால் அந்தச் சுருக்கம் குளிர்கால நேரத்துக்கு மட்டுமே உரியது. ஊர்ப் பெயர் எழுதினால் எவருக்கும் குழப்பமில்லை. தேதியையும் 04/11/2025 என்று எண்களால் மட்டும் எழுதாதீர்கள். நமக்கு அது நவம்பர் 4, வட அமெரிக்க வழக்கில் படிப்பவருக்கு ஏப்ரல் 11. மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். நம் நாட்டில் பிரெஞ்சு வழக்கப்படி ‘17h00’ என்று எழுதுவோம். அந்த வழக்கம் தெரியாத ஊருக்குக் கடிதம் போகும்போது 24 மணிக் கணக்கையும் காலை, மாலை என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுவது நல்லது.

இரண்டு நேரங்களில் எதை முதலில் எழுதுவது என்பதில் அலுவலகங்களிடையே ஒருமித்த வழக்கம் இல்லை. விண்ணப்பதாரரின் நேரமே முதலில் வர வேண்டும் என்பேன். கடிதத்தை அவசரமாகப் பார்ப்பவர் கண்ணில் படும் முதல் எண்ணையே மனத்தில் வைத்துக்கொள்வார். அது அவருடைய சுவரில் உள்ள கடிகாரம் காட்டும் எண்ணாக இருக்கட்டும். ஆனால் இரண்டும் ஒத்துவராமல் போனால் எது அடிப்படை என்பதையும் கடிதம் சொல்ல வேண்டும். நம் நேரம் ஆண்டு முழுவதும் மாறாதது என்பதால் மொரிஷியஸ் நேரத்தையே அடிப்படையாகக் கொள்வது தெளிவு. அதே வேளையில், பிழை நம்முடையது என்றால் அவருக்கு வேறு நாள் தருவோம் என்ற முடிவை அலுவலகத்துக்குள் முன்பே எடுத்து வைத்திருங்கள். அந்த முடிவு இல்லாததால்தான் டொரன்டோ விண்ணப்பதாரருக்கு மறு வாய்ப்பு வாங்குவதற்கு நான் மேலதிகாரிகளிடம் ஒரு வாரம் அலைய வேண்டியிருந்தது.

நம் அலுவலகக் கடிதங்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் போகும். எனினும் அமைப்பு விளங்குவதற்காக அதே கடிதத்தை, அன்று எப்படி எழுதியிருக்க வேண்டுமோ அப்படி, தமிழில் தருகிறேன்.

“மதிப்பிற்குரிய அம்மையீர், கணக்குப் பிரிவு மேலாளர் பணிக்குத் தாங்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் பேரில் தங்களை இணையவழி நேர்காணலுக்கு அழைப்பதில் மகிழ்ச்சி அடைகிறோம்.

தங்கள் நேரம்: செவ்வாய்க்கிழமை, 4 நவம்பர் 2025, காலை 8.00 மணி (08:00), டொரன்டோ, UTC−5.

எங்கள் நேரம்: செவ்வாய்க்கிழமை, 4 நவம்பர் 2025, மாலை 5.00 மணி (17:00), மொரிஷியஸ், UTC+4.

தங்கள் நகரில் நவம்பர் 2 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் மாற்றப்படுவதைக் கணக்கில் கொண்டே மேலே உள்ள நேரம் தரப்பட்டுள்ளது. இரு நேரங்களும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை எனத் தோன்றினால் உடனே எங்களுக்கு எழுதுங்கள்; அதுவரை மொரிஷியஸ் நேரத்தையே அடிப்படையாகக் கொள்க. நேர்காணல் சுமார் 45 நிமிடம் நடைபெறும். குழுவில் மூவர் இருப்பார்கள். உரையாடல் ஆங்கிலத்திலும் ஒரு பகுதி பிரெஞ்சிலும் அமையும். இணைப்பு முகவரியும், அன்று இணைப்பு கிடைக்காவிட்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் கீழே உள்ளன. தாங்கள் கலந்துகொள்வதை அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமைக்குள், தங்கள் ஊர் நேரத்தைக் குறிப்பிட்டு உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறோம். இந்த வேளை பொருந்தாவிட்டால் வேறு இரண்டு வேளைகளைத் தெரிவிக்கலாம்.”

இதில் இரண்டு வாக்கியங்களை மாதிரியிலிருந்து ஒருபோதும் நீக்காதீர்கள். ஒன்று, கடிகார மாற்றத்தைக் கணக்கில் கொண்டோம் என்பது. அது இல்லாவிட்டால், கவனமுள்ள விண்ணப்பதாரர் ‘இவர்கள் மாற்றத்தை மறந்திருப்பார்கள்’ என்று எண்ணித் தாமே ஒரு மணி நேரத்தைத் திருத்திக்கொண்டுவிடுவார். நாம் சரியாக எழுதியும் அவர் தவறிவிடுவார். இன்னொன்று, தம் ஊர் நேரத்தைக் குறிப்பிட்டு உறுதிசெய்யச் சொல்வது. “சரி, வருகிறேன்” என்ற பதில் எதையும் உறுதிசெய்வதில்லை. “செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் காத்திருப்பேன்” என்ற பதில் வந்தால்தான் இருவர் மனத்திலும் ஒரே நேரம் இருப்பது தெரியும்.

கடிதத்துடன் நாட்காட்டி அழைப்பும் போகும். நிகழ்வை மொரிஷியஸ் நேர மண்டலத்தில் 17:00 என்று உருவாக்கினால், விண்ணப்பதாரரின் கைப்பேசி அதை அவர் ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டிவிடும். ‘அவருக்கு வசதியாக இருக்கட்டும்’ என்று நம் நாட்காட்டியிலேயே 08:00 என்று பதிந்தால் அது அவருக்கு நள்ளிரவுக்கு முன், முந்தைய நாள் 23:00 என்று தெரியும். ஐயம் இருந்தால், அழைப்புக் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து, தொடக்க நேரம் எழுதிய வரியைப் பாருங்கள். அது பின்வரும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

```
DTSTART;TZID=Indian/Mauritius:20251104T170000
DTSTART:20251104T130000Z
DTSTART:20251104T170000
```

முதல் வரியில் ஊர் இருக்கிறது. இரண்டாவதில் கடைசி எழுத்து அது உலகப் பொது நேரம் என்று சொல்கிறது. இரண்டும் சரியே. மூன்றாவதில் இரண்டுமே இல்லை. அதைத் திறக்கும் ஊர் எதுவானாலும் 17:00 என்றே காட்டும். அப்படி இருந்தால் அனுப்பாதீர்கள்.

அனுப்பிய பிறகு பிழை தெரியவந்தால், பழைய மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து அனுப்புவது போதாது. தலைப்பில் ‘திருத்தம்’ என்று தொடங்கும் புதிய கடிதம் எழுதி, முன்பு எழுதிய தவறான நேரம் எது, சரியான நேரம் எது என்று இரண்டையும் குறிப்பிட்டு, மீண்டும் உறுதி கேளுங்கள். நாட்காட்டி நிகழ்வைப் புதிதாக உருவாக்காமல், பழையதையே திருத்திப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய நாட்காட்டியில் இரண்டு நேர்காணல்கள் நிற்கும். நேர்காணலுக்கு இரண்டு நாள்களே இருந்தால் தொலைபேசியிலும் அழைத்துச் சொல்லுங்கள், அதுவும் அவர் ஊரில் அப்போது மணி என்ன என்று பார்த்துவிட்டு.

நேர்காணலுக்கு முந்தைய வேலை நாளில் ஒரு நினைவூட்டல் அனுப்புவதை இப்போது நான் விடுவதில்லை. கடிகாரம் மாறும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த நினைவூட்டல் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்கிறேன். அதைப் பழைய கடிதத்திலிருந்து நகலெடுக்காமல் கணக்கை மறுபடி புதிதாகப் போட்டு எழுதுகிறேன். நகலெடுத்தால் பழைய பிழையும் கூடவே வந்துவிடும். டொரன்டோ விண்ணப்பதாரருக்கு இரண்டாவது நேர்காணல் நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை அதே மாலை 5 மணிக்கு நடந்தது. திங்கள்கிழமை அனுப்பிய நினைவூட்டலுக்கு அவர் எழுதிய பதிலில் ஒரே வரிதான் இருந்தது: “நாளை காலை எட்டு மணி, டொரன்டோ, உங்களுக்கு மாலை ஐந்து மணி.”